புதுப்பிப்பு: டாப்ளர் ஸ்கேனில் முழங்கால் பின்புற வெயினில் கலர் வராதது

நான் கேட்டது: “பாப்லிட்டியல் வெயினில் கலர் வரவே இல்லை. க்ளாட்டா, செட்டிங்கா?”

எல்லோருக்கும் நன்றி. கலரின் வேக ஸ்கேலைக் குறைக்கச் சொன்னதுதான் பலித்தது. நொடிக்கு 30 செ.மீ.யிலிருந்து 8க்கு இறக்கி, கெண்டைக்காலைப் பிசைந்ததும் கலர் சுவர் முதல் சுவர் வரை நிரம்பியது. கலரை அணைத்துவிட்டு, குறுக்குவெட்டில் புரோபால் அழுத்தியபோது வெயின் முழுசாக மூடிக்கொண்டது. பக்கத்து ஆர்ட்டரி வட்டமாகவே நின்றது. க்ளாட் இருந்தால் இப்படி மூடாது.

“வெயினின் உள்ளே கருப்பாக இருந்தால் க்ளாட் இல்லை” என்று ஒருவர் சொன்னது பாதிதான் சரி. புது க்ளாட்டும் கருப்பாகவே தெரியலாம்.

எதிர்பாராதது: தொடையில் ஃபெமரல் வெயின் இரட்டை. ஒன்று மூடியது; மற்றது மூடவில்லை, கலர் ஓரமாக மட்டும் ஓடியது. அதிலுள்ள க்ளாட் புதுசா பழசா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அம்மாவின் வெரிகோஸ் பற்றிக் கேட்டவருக்கு: அது நிற்கவைத்துப் பார்க்கும் வேறு ஸ்கேன்.