ஓ.டி.யைத் தமிழில் என்ன சொல்வது: ஒளியடர்த்தியா, உட்கவர்திறனா, ஒளிமறிப்பா?

கும்பகோணம், நுண்ணுயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நெல் வயலுக்கான உயிர் உரம் தயாரிக்கும் கூடங்களில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் போன்றவற்றைக் குடுவையில் வளர்க்கும்போது, வளர்ச்சி எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க நிறமாலை ஒளிமானியில் 600 நானோமீட்டரில் ஓ.டி. எடுப்பது வழக்கம். இந்த ஆப்டிக்கல் டென்சிட்டியை ஒளியடர்த்தி என்று எழுதினால் பள்ளி இயற்பியல் குறுக்கே வருகிறது. அங்கே ஒளியடர்த்தி மிக்க ஊடகம் என்றால் ஒளிவிலகல் எண் கூடிய ஊடகம். பாக்டீரியா வளர்ந்த மீடியத்தில் நாம் பார்ப்பது அதை அல்ல. வேறு என்ன சொல் போடலாம்?

இன்னொன்றும் உண்டு. அளவு ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறதே, அதற்கு இப்போதைக்குத் 'தேக்கம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மன்னார்குடி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

அம்மா, சொல் ஏற்கெனவே இருக்கிறது: உட்கவர்திறன். கருவித் திரையிலேயே ABS என்றுதானே வருகிறது. வாய்ப்பாடும் அதேதான்:

```
A = log10(I0 / I)
```

நூறு பங்கு ஒளி உள்ளே போய்ப் பத்துப் பங்கு வெளியே வந்தால் 1. ஒரு பங்கு மட்டும் வந்தால் 2. செறிவு இருமடங்கானால் எண்ணும் இருமடங்காகும். இது பீர்-லாம்பர்ட் விதி. சாயமாக இருந்தால் என்ன, பாக்டீரியாவாக இருந்தால் என்ன, கணக்கு ஒன்றுதான். இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச் சொல்லைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டாம்.

வேதாரண்யம், இறால் பண்ணையில் நீர்ப் பரிசோதனை செய்பவர்:

இதற்கு எங்கள் பக்கம் புழங்கும் சொல்லே போதும், கலங்கல். குளத்துத் தண்ணீரைக் கலங்கல்மானியில் வைத்தால் NTU என்று எண் காட்டும். மானி இல்லாத நாளில் கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். 30 முதல் 40 செ.மீ. ஆழத்துக்குள் தட்டு கண்ணுக்கு மறைந்தால் பாசி அளவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மழைக்குப் பிறகு கரைமண் கரைந்து இறங்கிவிடுகிறது. அப்போது பாசி எவ்வளவு, மண் எவ்வளவு என்று இந்த ஓ.டி. பிரித்துச் சொல்லுமா?

தஞ்சாவூர், ஆய்வக மேலாளர்:

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 600இல் எடுக்கும் ஒற்றை அளவு பிரித்துச் சொல்லாது. மண் துகளும் பாசியும் இரண்டுமே ஒளியைச் சிதறடிக்கும். வந்துசேரும் ஒளி குறைந்தது எதனால் என்று கருவிக்குத் தெரியாது. பாசியை மட்டும் அறிய வேண்டுமானால் வடிகட்டி, பச்சையத்தைக் கரைத்தெடுத்து அளக்க வேண்டும், அது வேறு வேலை. கலங்கல்மானியும் வேறு கருவிதான். அது பக்கவாட்டில், செங்கோணத்தில் சிதறி வரும் ஒளியைப் பிடிக்கிறது. நம் ஒளிமானி நேர்க்கோட்டில் மிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறது. அதனால் NTU எண்ணையும் ஓ.டி. எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது.

ஐயா சொன்ன வாய்ப்பாடு சரி. உட்கவர்திறன் என்ற சொல்லோடுதான் எனக்கு உடன்பாடில்லை. நிறமில்லாத பாக்டீரியா 600இல் ஒளியை அநேகமாக உட்கவர்வதே இல்லை. அந்த அலைநீளத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், மீடியத்தின் மஞ்சள் நிறம் அங்கே பெரிதாகக் குறுக்கிடாது என்பது. ஒளி செல்லில் பட்டுத் திசை மாறுகிறது. திசை மாறியது உணரியில் விழாமல் போகிறது. கருவிக்கு அது குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இதை நேரில் காட்டலாம். ஒரே குவெட்டில் உள்ள சாயக் கரைசலை இரண்டு வெவ்வேறு கம்பெனிக் கருவிகளில் வைத்தால் எண் ஏறத்தாழ ஒன்றாக வரும். அதே குவெட்டில் பாக்டீரியாவை வைத்தால் ஒன்றில் 0.8 வருவது இன்னொன்றில் 0.6 வரலாம். இரண்டும் பழுதில்லாத கருவிகள்தான். பாக்டீரியாவில் பட்ட ஒளி பெரும்பாலும் முன்பக்கமாக, சிறு கோணத்தில்தான் விலகும். உணரி குவெட்டுக்கு நெருக்கமாக இருந்தாலோ அகலமாக இருந்தாலோ, விலகிய ஒளியிலும் ஒரு பங்கு அதில் வந்து விழுந்துவிடும், எண் குறையும். உட்கவர்வதாக இருந்தால் கருவியின் அமைப்பு இவ்வளவு பேசாது. எனவே உட்கவர்திறன் என்று கையேட்டில் எழுதினால், ஒரு கூடத்தின் எண்ணை மற்றொரு கூடம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற தவறான நம்பிக்கை வந்துவிடும்.

நீடாமங்கலம், உயிர் உரக் கூடத்தில் தொழில்நுட்பர்:

மேடம், சொல்லைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தத் 'தேக்கம்' எங்களுக்குத் தினப்படிப் பிரச்சினை. சூடோமோனாஸ் குடுவையில் 8ஆம் மணியில் 1.52, 9இல் 1.67, 10இல் 1.72 வந்தது. எண் ஏறவில்லை, வளர்ச்சி நின்றுவிட்டது, இறக்கிவிடலாம் என்றார் மேற்பார்வையாளர். குடுவையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்னும் தடித்துக்கொண்டே போகிற மாதிரிதான் இருக்கிறது. ஆசிரியை மேடம் சொல்லும் தேக்கம் இதுதானா?

தஞ்சாவூர், ஆய்வக மேலாளர்:

தம்பி, அந்தக் குடுவையிலிருந்தே ஒரு மில்லி எடுத்து, அதே மீடியம் ஒரு மில்லி சேர்த்துக் கலக்கிப் படியுங்கள். 1.72 உண்மையானால் பாதி, அதாவது 0.86 வர வேண்டும். பிறகு பத்து மடங்கும் இருபது மடங்கும் நீர்த்துப் படியுங்கள். பிளாங்குக்கும் அதே புது மீடியத்தையே வையுங்கள். தண்ணீரில் நீர்த்தால் செல்கள் உப்பக்கூடும், சிதறலும் மாறும்.

நீடாமங்கலம், தொழில்நுட்பர்:

10ஆம் மணி மாதிரியைப் பாதியாக நீர்த்ததில் 1.40 வருகிறது. பத்து மடங்கில் 0.43, இருபது மடங்கில் 0.22. முந்தைய மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அவற்றையும் பத்து மடங்கு நீர்த்தேன்: 8ஆம் மணி 0.26, 9ஆம் மணி 0.36.

தஞ்சாவூர், ஆய்வக மேலாளர்:

இப்போது தெளிவாகிவிட்டது. 0.43ஐப் பத்தால் பெருக்கினால் 4.3. 0.22ஐ இருபதால் பெருக்கினால் 4.4. இரண்டும் ஒத்துப்போவதால் இந்த இரண்டு அளவையும் நம்பலாம். 8ஆம் மணியில் 2.6, 9இல் 3.6, 10இல் 4.3 என்று குடுவை ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வேகம் கொஞ்சம் குறைகிறது, நிற்கவில்லை. நின்றது கருவியின் எண்.

ஏன் நின்றது என்று பார்ப்போம். 4.3 என்றால் லட்சம் பங்கு ஒளியில் ஐந்து பங்குதான் உணரிக்கு வர வேண்டும். கருவி 1.72 காட்டுகிறது என்றால் நூற்றில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு வந்திருக்கிறது. வரக்கூடாத ஒளி எங்கிருந்தோ வருகிறது. வழி இரண்டு. செல்கள் நெருக்கமாக இருக்கும்போது, ஒரு செல் விலக்கிவிட்ட ஒளியை இன்னொரு செல் திரும்ப நேர்வழிக்கே தள்ளிவிடும். இரண்டாவது, கருவிக்குள்ளேயே திரியும் சில்லறை ஒளி. அது நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், குவெட்டில் என்ன வைத்தாலும் 2ஐத் தாண்டாது.

உங்கள் கருவியில் எது அதிகம் என்று அறிய புரோமோபீனால் நீலம் போன்ற ஒரு சாயத்தைப் படிப்படியாகக் கூட்டி அதே 600இல் படியுங்கள். சாயம் ஒளியைச் சிதறடிக்காது. சாயமும் 1.7 பக்கம் வந்து முடங்கினால் குற்றம் கருவியின் சில்லறை ஒளி. சாயம் 2ஐத் தாண்டி ஒழுங்காக ஏறினால், உங்கள் குடுவையில் நடப்பது செல்களுக்கிடையிலான மறுசிதறல். ஒளிப்பாதையில் அட்டையை வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. வெளி வெளிச்சம் கசிகிறதா என்பதை அது சொல்லும், விளக்கின் வேறு அலைநீள ஒளி கலந்து வருவதைச் சொல்லாது.

எப்படியானாலும் நடைமுறை ஒன்றுதான். 0.4க்கு மேல் போனால் நீர்த்துப் படியுங்கள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

மறுசிதறலை நம் ஊர்க்காரருக்கு எளிதாகச் சொல்லலாம். மேல்மடை வயலின் வடிகால் தண்ணீர் கீழே போய் மறுபடி வாய்க்காலில் சேர்கிறதல்லவா? கடைமடையில் நின்று அளப்பவருக்கு, மேலே யாருமே தண்ணீர் எடுக்காத மாதிரித் தெரியும். வயல்கள் நெருங்க நெருங்க இந்தத் திரும்பல் கூடும். அதே மாதிரிதான்.

அப்படியானால் 'ஒளிமறிப்பு' என்பது எப்படி? வாய்க்காலை மறிப்பது போல நேர்வழியை மறிக்கிறது. உள்ளே வாங்கிக்கொண்டது என்றோ சிதறியது என்றோ சொல் எதையும் கட்டிப்போடவில்லை. பீர்-லாம்பர்ட் விதியைச் செல்களுக்குச் சொல்லும்போது 'நீர்த்த நிலையில் மட்டும்' என்ற நிபந்தனையோடு சொல்லலாம்.

கும்பகோணம், நுண்ணுயிரியல் ஆசிரியை:

ஒளிமறிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஒளிமறிப்பு எண் 600இல் 0.43' என்று எழுதினால் வாசிக்கவும் இடறவில்லை. முதல் பக்கத்தில் ஓ.டி. என்ற வழக்கையும் சேர்த்தே கொடுப்பேன். கூடத்தில் எல்லோரும் ஓ.டி. என்றுதான் சொல்வார்கள்.

தேக்கத்தை இரண்டாகப் பிரித்தாக வேண்டும் என்று இப்போது தெரிகிறது. சத்து தீர்ந்தோ காற்று போதாமலோ செல்கள் பெருகாமல் நிற்பது 'வளர்ச்சித் தேக்கம்'. எண் மட்டும் நிற்பதற்கு 'அளவுத் தெவிட்டல்' என்று போடட்டுமா?

தஞ்சாவூர், ஆய்வக மேலாளர்:

தெவிட்டல் என்றால் உணரி இனி வாங்க முடியாமல் நிரம்பிவிட்டது என்ற பொருள் வரும். இங்கே உணரிக்குக் கிடைப்பதோ மிகக் குறைந்த ஒளி. 'அளவு மழுங்கல்' என்பேன். 0.4க்கு மேலேயே மெதுவாக மழுங்கத் தொடங்குகிறது என்பதும் அதில் அடங்கும். 1.72இல் திடீரென்று நடந்ததல்ல அது.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்:

மழுங்கல் கத்திக்குச் சரி. எண்ணுக்கு ஒட்டவில்லை என்பது என் கருத்து. தெவிட்டல் ஏற்கெனவே பாடநூலில் புழங்குகிற சொல்.

நீடாமங்கலம், தொழில்நுட்பர்:

நன்றி மேடம். இன்னொரு சந்தேகம். அசோஸ்பைரில்லம் குடுவையில் ஒரே மாதிரியை அடுத்தடுத்துப் படித்தாலே 0.38, 0.33, 0.27 என்று இறங்குகிறது. இதையும் நீர்த்தால் சரியாகுமா?

தஞ்சாவூர், ஆய்வக மேலாளர்:

ஆகாது. அது மழுங்கலும் இல்லை, தெவிட்டலும் இல்லை. அசோஸ்பைரில்லம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும், திட்டுகள் குவெட்டின் அடியில் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. குவெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கண்ணுக்கே தெரியும். நன்றாகக் கலக்கி உடனே படியுங்கள். திட்டு கலையவில்லை என்றால் அந்தத் தொகுதிக்கு ஓ.டி.யை நம்பாமல் தட்டில் பரப்பி எண்ணுங்கள். சூடோமோனாஸுக்கும் 4.3 என்பது செல் எண்ணிக்கை ஆகிவிடாது. செத்த செல்லும் ஒளியை மறிக்கும். ஒரு தொகுதியில் 4 வரும்போதும் 2 வரும்போதும் தட்டில் எண்ணி, உங்கள் கருவிக்கென்று ஓர் அட்டவணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். என் கருவியின் அட்டவணையை அனுப்பலாம்தான், ஆனால் உங்களுக்கு உதவாது.