பம்ப் பராமரிப்புப் பதிவேடு: ‘ஆஸ் ஃபவுண்ட்’, ‘ஆஸ் லெஃப்ட்’ கட்டங்களுக்குத் தமிழில் என்ன போடலாம்?

பேட்டை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
திங்கட்கிழமை வகுப்புக்குப் பதிவேட்டை அச்சடிக்க வேண்டும். இரண்டு கட்டங்களுக்கு மட்டும் பெயர் அமையவில்லை. ஒன்று, இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் இருந்த அளவு. மற்றொன்று, வேலை முடித்துவிட்டு வந்த அளவு. மாணவர்களுக்கான மாதிரி இது; மோட்டார், பம்ப் கப்ளிங்கின் விலகல், மில்லிமீட்டரில்.

| தேதி | ? | செய்த வேலை | ? | செய்தவர், சரிபார்த்தவர் |
|---|---|---|---|---|
| 5 ஜனவரி | 0.30 | ஷிம் மாற்றம் | 0.06 | கையொப்பம் 2 |
| 5 பிப்ரவரி | 0.28 | ஷிம் மாற்றம் | 0.05 | கையொப்பம் 2 |
| 5 மார்ச் | 0.32 | | | |

அம்பாசமுத்திரம், நூலகர்:
லாக் புக்குக்கு ‘நாட்குறிப்பேடு’ போதுமே?

பேட்டை:
ஏட்டுக்குப் பெயர் இருக்கிறது அம்மா. கட்டத்துக்குத்தான் கேட்கிறேன்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
காண்நிலை, விடுநிலை. கண், காண், காட்சி, காட்டு எல்லாம் ஒரே வேர்க் குடும்பம். வினைத்தொகையாக நிற்கும்போது சொல் இறுகி அழகாக இருக்கும்.

தென்காசி, ரைஸ்மில் நடத்துபவர்:
அண்ணாச்சி, எங்க மில்லுல வேலை பார்க்கிற பயலுக்கு அது புரியாது. ‘முன் அளவு, பின் அளவு’ன்னு போடுங்க. நாங்க ‘சரி பண்ணியாச்சு’ன்னு ஒரே வரிதான் எழுதுவோம், ஒண்ணும் கெட்டுப்போகல.

கயத்தாறு, காற்றாலைப் பராமரிப்பாளர்:
அந்த ஒரு வரியில்தான் கோளாறு ஒளிந்துகொள்ளும். பேட்டை சாரின் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மறுமாதம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. ‘சரி’ என்று மட்டும் எழுதியிருந்தால் இது தெரியவே தெரியாது. இனியும் ஷிம் மாற்றிப் பயனில்லை. மோட்டார் காலின் மேல் டயல் கேஜை நிறுத்தி, போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கணும். ஏதாவது ஒரு கால் 0.05க்கு மேல் எழும்பினால் அது சரியாக உட்காரவில்லை. நாலு காலும் அசையவில்லை என்றால் குழாய் பம்பை இழுக்கிறதா என்று பார்க்கணும்.

‘முன், பின்’ ஆகாது. மோட்டாருக்கு முன்கால், பின்கால் உண்டு. ‘பின் அளவு 0.05’ என்றால் பையன் பின்காலைத்தான் நினைப்பான். ஐயா, ‘காண்நிலை’யும் வேண்டாம். “காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை” என்கிறது நன்னூல். இங்கே காலத்தை மறைத்தால் கட்டமே வீண். கண்ட நிலை, விட்ட நிலை என்று போடலாம்.

பாளையங்கோட்டை:
காலம் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் ‘விட்ட நிலை’ என்றால் பார்க்காமல் விட்டது என்று படிப்பார்கள். சொல்லின் இறுக்கம் போவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

பேட்டை:
அப்படியானால் ‘கண்ட அளவு, வைத்த அளவு’. மூன்று பேர் சம்மதம் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

தென்காசி:
சம்மதம்.

அம்பாசமுத்திரம்:
எனக்கும்.

கயத்தாறு:
சம்மதம்தான், ஆனால் ஒன்று. ஒரு முழுச் சுற்றில் டயல் காட்டும் ரீடிங், மைய விலகலைப் போல இரு மடங்கு. 0.30 என்பது டயல் காட்டியதா, பாதியாக்கி எழுதியதா? அதைக் கட்டத்தின் தலைப்பிலேயே சொல்லுங்கள் சார்.