கல்தொட்டி, மெழுகுவர்த்தி, நீராவி: குமுளியில் ஒரு ஸ்பா அறையைப் படமெடுத்த அனுபவம்

கம்பம் போட்டோகிராபர்: போன மார்கழியில் குமுளிப் பக்கம் ஒரு விடுதியின் ஸ்பா அறையைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு கருங்கல் தொட்டி, சுவரிலும் தரையிலும் தேக்கு ரீப்பர், மாடங்களில் மெழுகுவர்த்தி. நீராவியும் தெரிய வேண்டும், கல்லின் உளித் தடமும் தெரிய வேண்டும் என்றார்கள்.

முதல் நாள் தோற்றுவிட்டேன். ஸ்டீம் மெஷினைப் போட்டதும் அறை முழுக்கப் பால் ஊற்றியதுபோல் ஆனது. ரீப்பருக்கு இடையில் இருக்கிற கருப்புக் கோடுகள்கூடச் சாம்பலாகிவிட்டன. ஹிஸ்டோகிராமில் இடது ஓரம் காலி. கருப்பு என்பதே படத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் கல் வரவில்லை, புள்ளிதான் வந்தது.

மறுநாள் விடியற்காலை போனேன். மெஷினை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து அறையை ஆறவிட்டேன். ஆறிய காற்றில்தான் ஆவி சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும், காற்றில் ஈரம் குறைந்திருந்தால் சீக்கிரம் கலைந்தும் போகும். அப்புறம் கதவை மூடி, கொதிக்கிற வெந்நீரை ஒரு கெண்டியில் கொண்டுவந்து தொட்டியில் மட்டும் ஊற்றினோம். ஆவி தொட்டிக்கு மேல் ஒரு முழம் எழுந்தது, அவ்வளவுதான். பின்சுவர் அப்படியே கருப்பாக நின்றது.

12 மெழுகுவர்த்தியில் பாதியைத் தொட்டிக்குப் பின்னால், தீபம் லென்ஸுக்கு நேரே தெரியாதபடி நகர்த்தினேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் ஆவியின் ஓரம் நூல் நூலாக மினுங்கும். நமக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற ஆவிமேல் முன்னாலிருந்து வெளிச்சம் விழுந்தால் அது திரைபோல் மறைத்துவிடும். மீதியைப் பக்கவாட்டில், கல்லை உரசுகிற மாதிரி வைத்தேன். உளித் தடம் ஒவ்வொன்றுக்கும் குட்டி நிழல் விழுந்தது. கல்லை நனைத்ததும் நிறமும் கனத்தது.

ஸ்டாண்டை அசைக்காமல் இரண்டு படம். ஆவி இல்லாமல் அறைக்கு எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 4 நொடி. வெந்நீர் ஊற்றியதும் ஆவிக்கு எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, நொடியில் 30இல் ஒரு பங்கு. வெளிச்ச அளவு இரண்டிலும் ஒன்றுதான். ஆவியை 4 நொடி எடுத்தால் சுருள் கரைந்து மூட்டமாகிவிடும். பிறகு இரண்டாவது படத்திலிருந்து ஆவி இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு முதல் படத்தின் மேல் சேர்த்தேன்.

சித்தூர் தம்பி: அண்ணே, எதுக்கு இவ்வளவு சிரமம்? நான் பாலக்காட்டுல ஒரு வேலைக்கு டிரை ஐஸ்தான் வாங்கிப் போட்டேன். அருமையா புகை வந்துச்சு.

கம்பம் போட்டோகிராபர்: புகை வரும் தம்பி, ஆனால் கீழே இறங்கி ரீப்பர் இடுக்கில் ஓடும். வெந்நீர் ஆவி மேலே எழும். பார்க்கிறவருக்கு உடனே வித்தியாசம் தெரியும். இன்னொன்று, அது கரியமில வாயு. ஜன்னல் இல்லாத அறையில் ஆளை மயக்கிவிடும். மூடிய அறையில் தயவுசெய்து செய்யாதே.

சித்தூர் தம்பி: அது தெரியாதுண்ணே. அப்ப ஊதுபத்தி?

மூணாறு அக்கா: ஊதுபத்திப் புகையில் லேசாக நீலம் அடிக்கும் தம்பி. மெழுகுவர்த்தி மஞ்சளுக்கு நடுவே தனியாகத் தெரியும். ஜன்னலைத் திறந்துவைத்தாலும் பகல் வெளிச்சத்தால் அதே தொல்லை. எனக்கு அப்படி ஆகியிருக்கிறது, ஆவியில் பாதி நீலம், பாதி மஞ்சள். அடுத்த முறை கம்பளி போட்டு ஜன்னலை மூடினேன். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 2800 கெல்வினில் நிறுத்தினேன். 1900 வரை இறக்கினால் மெழுகுவர்த்தியின் வெம்மையே போய்விடும். ஏசி காரிலிருந்து கேமராவை நேரே உள்ளே கொண்டுபோகாதீர்கள், லென்ஸ் வேர்த்துவிடும். அதை ஆவி என்று நினைத்து அரை மணி நேரம் எடுத்திருக்கிறேன். பையை மூடியபடியே அறையில் வைத்து, சூடு பிடித்த பிறகு திறங்கள்.

தேவிகுளம் வாசகர்: எங்கள் வீட்டு நீராவி அறையிலும் தேக்கு ரீப்பர்தான் அடித்திருக்கிறோம். அடியில் கறுப்புப் பூசணம் பிடிக்கிறது. மரத்தின் ரேகை மறையாமல் இருக்க என்ன பூச வேண்டும்?

மூணாறு அக்கா: இங்கே பேச்சு படமெடுப்பதைப் பற்றிங்க. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் ஆசாரி ரீப்பரைச் சுவரில் ஒட்டி அடிக்காமல், பின்னால் காற்று ஓடும்படி சட்டம் கொடுத்து அடித்தார். தரைப் பலகையைக் கழற்றி வெயிலில் நிறுத்தும்படி செய்தார். பூச்சைவிட அது உதவியது.

தேவிகுளம் வாசகர்: எங்களுடையது ஆணி அடித்து இறுக்கிவிட்டார்களே, அக்கா.

மூணாறு அக்கா: அப்படியானால் ஓரத்தில் ஒரு பலகையை மட்டும் கழற்றிப் பாருங்கள். அடியில் ஈரம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். கம்பத்து அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரண்டு படத்தைச் சேர்த்தது விடுதிக்காரருக்குத் தெரியுமா? வருகிறவர் மெஷினைப் போட்டால் அந்தப் பால் மூட்டம்தானே பார்ப்பார்?

கம்பம் போட்டோகிராபர்: சொல்லிவிட்டேன் அக்கா. சேர்க்காத ஒற்றைப் படத்தையும் கூடவே கொடுத்தேன். அவர்கள் சேர்த்ததைத்தான் போட்டார்கள். கல்லும் ஆவியும் இரண்டும் அங்கே இருந்தவைதான். ஆனால் நீங்கள் கேட்ட மூட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை.