கேமரா தாத்தாவின் கண்ணிலா, முகத்திலா?

தேனி ஒளி: 12 நிமிடக் குறும்படம். பேத்திக்கு நிச்சயதார்த்தம், வீடு நிறைய ஆட்கள். தாத்தாவுக்குக் காது மந்தம், யார் என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடவில்லை. அந்தத் தவிப்பு பார்ப்பவருக்கும் வரவேண்டும். படம் முழுக்கத் தாத்தாவின் கண்ணிலிருந்தே எடுக்கலாமா?

முதல்பார்வை: தாராளமா எடுங்க தம்பி. தாத்தா பார்ப்பதை நாம் பார்த்தால் அவர் படும் பாட்டை நாமும் படுவோம். உறவினர்கள் எல்லாரும் நேராக லென்ஸைப் பார்த்து வாயசைக்கட்டும், பார்ப்பவனுக்கு மூச்சு முட்டும். ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ முழுப் படமும் ஒரே ஆளின் கண்தானே.

வெட்டுமேசை: ‘ரியர் விண்டோ’ அப்படிப்பட்ட படம் இல்லை. கேமரா பெரும்பாலும் நாயகன் ஜெஃப்பின் அறைக்குள் இருக்கிறது என்பது சரி. ஆனால் அவர் பார்க்கிறார், எதிர்வீட்டு ஜன்னல் தெரிகிறது, மறுபடி அவர் முகம் வருகிறது. படம் ஓடுவது இந்த மூன்று துண்டுகளில். நடுத்துண்டு மட்டும் இருந்தால் அது வெறும் ஜன்னல். மூன்றாவது துண்டில் ஜெஃப்பாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகம் சுருங்கும்போதுதான் ஜன்னலில் கண்டதற்கு ஓர் அர்த்தம் வருகிறது. அதோடு ஜெஃப் தூங்கிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக்காரன் ஒரு பெண்ணோடு வெளியே போவதை நாம் பார்க்கிறோம், அவர் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிவதால் அவருடைய சந்தேகத்தையே நாம் சந்தேகிக்கிறோம். ஒரே ஆளின் கண்ணாக மட்டும் இருந்தால் இதைச் செய்ய வழியே கிடையாது.

நீங்கள் சொல்லும் முறையை உண்மையிலேயே செய்து பார்த்த படம் ராபர்ட் மான்ட்கோமரியின் ‘லேடி இன் தி லேக்’ (1947). துப்பறிபவரின் முகம், அவர் நம்மோடு நேராகப் பேசும் சில காட்சிகளையும் கண்ணாடிகளையும் விட்டால் தெரியாது. குத்து லென்ஸை நோக்கி வரும், முத்தமும் லென்ஸை நோக்கியே வரும். கொஞ்ச நேரம் புதுமை. பிறகு, எதிரே இருப்பவர் ஏன் நம்மையே முறைத்துப் பார்க்கிறார் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. துப்பறிபவருக்கு வலித்ததா, பயந்தாரா, பொய் என்று கண்டுபிடித்தாரா என்று தெரியவில்லை. உங்கள் தாத்தாவுக்கும் இதே கதிதான். பேச்சு பிடிபடாமல் தலையாட்டிச் சமாளிக்கும் அந்த முகம்தான் உங்கள் படம். அதை எடுக்காமல் விடப்போகிறீர்களா?

முதல்பார்வை: 1947-இல் கேமரா ஒரு பீரோ கனம். திரும்புவதே தேர் திரும்புகிற மாதிரி இருக்கும், கண் அப்படியா திரும்பும்? அந்த ஒரு தோல்வியை வைத்து முறையையே ஒதுக்கக்கூடாது. ராமெல் ராஸின் ‘நிக்கல் பாய்ஸ்’ (2024) பெரும்பாலும் பாத்திரங்களின் கண்ணிலிருந்தே எடுத்த படம். அந்தக் கேமரா எல்லாவற்றையும் நேராகப் பார்க்காது. பேசுபவரை விட்டு அவர் கையைப் பார்க்கும், தரையைப் பார்க்கும். கூச்சப்படுகிற ஆள் எதைப் பார்ப்பானோ அதைப் பார்க்கும். முகம் இல்லாமலே ஆளின் குணம் தெரிகிறது.

வெட்டுமேசை: நல்ல உதாரணம், அந்தப் படத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதில் பார்வை இரண்டு பையன்களுக்கிடையே மாறுகிறது. ஒருவன் கண்ணில் இருக்கும்போது மற்றவன் முகம் தெரிகிறது. முகம் வேண்டும் என்று அந்த இயக்குநருக்கும் தெரிந்திருக்கிறது, வேறு வாசல் வழியாகக் கொண்டுவந்தார். தம்பியின் கதையில் தாத்தாவைக் கூர்ந்து பார்க்கும் இன்னொரு ஆள் உண்டா?

தேனி ஒளி: பேத்தி இருக்கிறாள் அண்ணா. ஆனால் அவள் பார்வையிலிருந்து எடுக்க யோசிக்கவே இல்லை.

மதுரை ஃபிரேம்: தாத்தாவின் கண்ணாக எடுக்க நெற்றியில் கட்டும் ஆக்‌ஷன் கேமராவைத்தானே நினைக்கிறீர்கள்? நான் ஒரு கல்யாணத்துக்குக் கட்டி எடுத்தேன். லென்ஸ் ரொம்ப அகலம், கிட்டே வருபவர் மூக்கு பெரிதாகிவிடும். நடந்தால் ஆட்டம் தாங்காது. தோளுக்கு மேல் கையில் பிடித்து 35 அல்லது 40 எம்எம் லென்ஸில் எடுங்கள்.

கருவிக்காது: கேமரா எங்கே என்பது எனக்குத் தெரியாது. நான் இரண்டு காதிலும் கருவி போடுகிறவள், ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். படங்களில் காது மந்தம் என்றதும் தண்ணீருக்குள் அமுக்கியது போல எல்லாச் சத்தத்தையும் குறைத்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி இல்லை. பேசுவது கேட்கும், என்ன என்று புரியாது. ‘சாப்டாச்சா’ என்றால் ச, ப எல்லாம் உதிர்ந்து ஆ-ஆ என்று ஓர் இழுவைதான் வந்து சேரும். அதே நேரம் பக்கத்தில் யாராவது எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். மெதுவான சத்தம் எட்டாது, பெரிய சத்தம் தாங்காது, நடுவில் இடம் ரொம்பக் குறைவு. கருவி போட்டாலும் பந்திச் சத்தம் முழுக்கச் சேர்ந்தே பெரிதாகும். நிச்சயதார்த்த வீடு என்றால் எனக்கு இப்போதே தலை வலிக்கிறது.

வெட்டுமேசை: அம்மா, நன்றி. தம்பி, உங்கள் படத்தின் திறவுகோல் இதுதான். ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’ (2019) பாருங்கள். கேட்கும் திறன் இழக்கும் டிரம்மர் ரூபனின் கண்ணுக்குள் கேமரா பெரும்பாலும் போவதில்லை. அவர் முகத்தருகே, கழுத்தருகே நிற்கிறது. அவர் தலைக்குள் போவது ஒலிதான். ஒரு ஷாட்டில் எல்லாருக்கும் கேட்கும் உலகம், அடுத்த ஷாட்டில் அவருக்கு மட்டும் கேட்கும் உலகம். முகம் வெளியே, காது உள்ளே. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது.

எடிட்டில் இப்படித் தொடங்குங்கள். வசனத்தை மட்டும் தனி டிராக்கில் வைத்து 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே மெல்ல இறக்குங்கள். மெய்யெழுத்துகள் மங்கும், குரலின் ஏற்ற இறக்கம் நிற்கும். கூட்டத்தின் இரைச்சலை அதற்கு மேலே வரவிடுங்கள். தட்டுச் சத்தத்துக்கு வடிகட்டி போடாமல் முழுக் கூர்மையோடு விடுங்கள். எல்லா டிராக்கிலும் ஒரே வடிகட்டியைப் போட்டால் அடுத்த அறையில் டிவி ஓடுகிற மாதிரி இருக்கும், தாத்தாவின் காதாக இருக்காது. சோதிக்க, கதை தெரியாத ஒருவரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். “சத்தம் குறைவு” என்றால் தவறு. “என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை” என்றால் சரி.

முழுப் படத்துக்கும் இது வேண்டாம். வெளி ஒலி முதலில் தெளிவாக ஓடவேண்டும். சம்பந்தி “பொண்ணு வேலைக்குப் போவாளா?” என்று கேட்பதை நாம் கேட்டுவிட வேண்டும். பிறகு தாத்தா முகத்துக்கு வெட்டி, அதே கேள்வி குழைந்து வரட்டும். அவர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டட்டும். கூடம் அமைதியாகும். அந்த அமைதி ஏன் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

முதல்பார்வை: அந்தக் காட்சி நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாம் தாத்தாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம், தாத்தாவாக இருக்கவில்லை. கேள்வி தெளிவாகக் கேட்டுவிட்டதால் நாம் அவரைவிட உசத்தியான இடத்தில் உட்கார்ந்துவிட்டோம். தம்பி கேட்டது அந்தத் தவிப்பு பார்ப்பவனுக்கும் வரவேண்டும் என்று. கேள்வி எனக்கும் புரியக்கூடாது. கூடம் ஏன் அமைதியானது என்று நானும் திணறவேண்டும்.

கருவிக்காது: எனக்கு முதல்பார்வை சொல்வதுதான் பிடித்திருக்கிறது. பரிதாபம் எனக்கு வேண்டாம். ஆனால் எல்லாரும் லென்ஸைப் பார்த்துப் பேசுவது பொய். என்னிடம் யாரும் நேராக முகம் காட்டிப் பேசுவதில்லை, அதுதான் குறையே. பக்கவாட்டில் திரும்பிப் பேசுவார்கள், வாயைக் கை மறைக்கும். நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெட்டுமேசை: அப்படியானால் சில ஷாட்டுகள் தாத்தாவின் கண்ணாகவே இருக்கட்டும். உதடு மட்டும் ஃபோகஸில், அதுவும் திரும்பிக்கொண்டே போகும் உதடு. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவர் முகத்துக்கு வாருங்கள். கேள்வியை மறைக்கும் யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. 12 நிமிடத்தில் பார்ப்பவன் குழம்பினால் தாத்தாவைக் குறை சொல்லமாட்டான், ஒலிப்பதிவு சரியில்லை என்பான்.

தேனி ஒளி: அந்தக் கூடத்துக் காட்சியை இரண்டு விதமாகவும் எடுக்கிறேன், கேள்வி நமக்குப் புரிவது ஒன்று, புரியாதது ஒன்று. படப்பிடிப்பு ஒரே நாள்தான், அதனால் வசனத்தைத் தனி மைக்கில் பிடித்துவைத்தால் எடிட்டில் மாற்றலாம் இல்லையா?

மதுரை ஃபிரேம்: சட்டை மைக் வைங்க, பட்டுப்புடவை சரசரப்பு வரும், கவனம். கூடத்துச் சத்தத்தை ஆள் பேசாமல் இரண்டு நிமிடம் தனியாகவும் பதிவு செய்துகொள்ளுங்கள்.