RDP லெவல் 2-க்குப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. STM32F4 சிப்பில் ஒரு கருவி செய்கிறோம். இப்போது RDP லெவல் 1 போட்டிருக்கிறேன், டீபக்கரை இணைத்தால் ஃபிளாஷைப் படிக்க முடிவதில்லை, அதுவரை சரி. ஆனால் நேற்று நானே சோதித்தபோது லெவல் 0-க்கு இறக்கியதும் ஃபிளாஷ் முழுக்க அழிந்தது, என் பூட்லோடரும் அதிலிருந்த பொதுச் சாவியும் சேர்ந்தே போயின, அப்புறம் கையொப்பமே இல்லாத வேறொரு ஃபர்ம்வேரை ஏற்றினேன், அது பாட்டுக்கு ஓடியது. அதாவது லெவல் 1 நகலெடுப்பதைத் தடுக்கிறது, மாற்றி வைப்பதைத் தடுக்கவில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் கோடே அழிக்கக்கூடிய இடத்தில் இருந்தால் செக்யூர் பூட் எதன் மேல் நிற்கும்?

பூட்லோடர் செக்டர்களுக்கு எழுத்துத் தடை போட்டு, RDP பைட்டை `0xCC` ஆக்கினால் டீபக் போர்ட் மூடிவிடும், ஆப்ஷன் பைட்டுகளும் உறைந்துவிடும். திரும்பி வர வழியே இல்லை. பூட்லோடரில் பிழை இருந்தால் அதைத் திருத்தவும் முடியாது, அதுதான் பயம்.

லெவல் 2-இல் பொருளை அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பழுதாகித் திரும்பி வரும் போர்டை எப்படி ஆராய்கிறீர்கள்? கையொப்பம் சரியாக உள்ள பழைய பதிப்பை மறுபடி ஏற்றுவதைத் தடுக்க, பதிப்பு எண்ணை OTP பகுதியில் வைப்பது போதுமா?