நீச்சல் குளத்தில் தண்ணீர் போகப் போக மெதுவாக ஏறுகிறது: கசிவா, பவுசரில் குறைவா?

மாங்குளத்தான்
மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் வேலைகளைப் பார்க்கிறேன். புதிதாகக் கட்டிய நீச்சல் குளம், 12 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம். ஒரு பக்கம் 90 சென்ரிமீற்றர் ஆழம், மறுபக்கம் 2.1 மீற்றர். நடுவில் படியோ பள்ளமோ இல்லை, தரை ஒரே சரிவு. கிணறு தாங்காது என்று 6,000 லீற்றர் பவுசரில் தண்ணீர் எடுக்கிறோம். ஆழமான பக்கச் சுவரில் அளந்தேன். முதல் பவுசருக்கு 49 சென்ரிமீற்றர், இரண்டாவதோடு 69, மூன்றாவதோடு 85. நான்காவது நேற்றுப் பின்னேரம் வந்தது. இன்று காலை அளந்தால் 95தான். எங்கே போகிறது தண்ணீர்? மொத்தம் எத்தனை பவுசர் பிடிக்கும்?

வவுனியா மேசன்
இரண்டு ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள், 1.5 மீற்றர் வரும். நீளம், அகலத்தால் பெருக்கினால் 90 கனமீற்றர், அதாவது 90,000 லீற்றர். 15 பவுசர். ஒரு பவுசருக்கு 10 சென்ரிமீற்றர் ஏற வேண்டும். உங்களுக்கு முதலில் கூடுதலாக ஏறியிருக்கிறது, அளவில் ஏதோ பிழை.

ஓய்வுபெற்ற ஓவசியர்
தம்பி மேசன் சொன்ன சராசரிக் கணக்கு சரி. ஆனால் அது விளிம்பு வரை நிரம்பிய குளத்துக்கு. தண்ணீர் விளிம்பு வரை நிற்காதே! மாங்குளத்தார், எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

மாங்குளத்தான்
விளிம்புக்கு 15 சென்ரிமீற்றர் கீழே, ஐயா. வடிகட்டிக்குத் தண்ணீர் போகும் வாய் அங்கேதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவசியர்
அப்படியென்றால் தண்ணீரின் ஆழம் 75 சென்ரிமீற்றரும் 1.95 மீற்றரும். சராசரி 1.35. மொத்தம் 81,000 லீற்றர், பதின்மூன்றரை பவுசர். அந்த 15 சென்ரிமீற்றரை மறந்தால் ஒன்றரை பவுசர் காசு வீண்.

இனி உங்கள் சந்தேகம். தரையின் இரு முனைக்கும் உயர வித்தியாசம் 1.2 மீற்றர். 12 மீற்றர் நீளத்தில் இது 10க்கு 1 சரிவு. ஆழமான மூலையில் 49 சென்ரிமீற்றர் நிற்கும்போது தண்ணீர் 4.9 மீற்றர் தூரம்தான் பரவியிருக்கும். ஏற ஏற அது மேட்டுப் பக்கமும் படர்வதால், அடுத்த பவுசர் இன்னும் அகன்ற பரப்பை நிரப்ப வேண்டும். ஆழத்தை மீற்றரில் h என்று வைத்தால், உங்கள் குளத்துக்குக் கனமீற்றரில்:

```
V = 5 × (10h × h) / 2 = 25 × h × h
```

மூன்று பவுசருக்கு 85 வர வேண்டும், வந்திருக்கிறது. ஆறாவதோடு 1.2 மீற்றர் ஆகி, முழுத் தரையும் நனையும். மேசன் சொன்ன 10 சென்ரிமீற்றர் அதற்குப் பிறகுதான்.

ஆனால் நான்காவதோடு 98 வந்திருக்க வேண்டும். 95 என்பது எனக்கும் சரியாகப் படவில்லை.

முல்லைத்தீவுத் தோட்டக்காரி
எங்கள் ஊர்க் குளமும் இப்படித்தான் அண்ணை. அடியில் ஒரு அடி தண்ணீர் ஒரு வயலுக்கும் காணாது, மேலே உள்ள ஒரு அடி முழு வயல்வெளிக்கும் போதும். உங்கள் குளத்துக்கு அணைக்கட்டு மண்ணா, கல்லா? மண் என்றால் கசியும்.

மாங்குளத்தான்
அக்கா, இது சீமெந்துத் தொட்டி, அணை இல்லை. ஐயா, நாடாவை இறக்கும்போது தண்ணீர் கொஞ்சம் ஆடியது. அதில் பிழை வந்திருக்குமோ?

ஓய்வுபெற்ற ஓவசியர்
வரலாம். சுவரில் அளப்பதை விடுங்கள். தண்ணீர் தரையைத் தொடும் கோடு ஆழமான சுவரிலிருந்து எத்தனை மீற்றர் என்று பாருங்கள். ஆழம் 1 சென்ரிமீற்றர் மாறினால் அந்தக் கோடு 10 சென்ரிமீற்றர் நகரும், பிழை விட முடியாது. நாடாவை மேல்விளிம்பில் கிடையாகப் பிடியுங்கள்.

மாங்குளத்தான்
இப்போதுதான் அளந்தேன். 9.6 மீற்றர்.

ஓய்வுபெற்ற ஓவசியர்
அப்போது ஆழம் 96. தண்ணீர் ஏறக்குறைய 23,000 லீற்றர், கிட்டத்தட்ட 1,000 குறைகிறது. பவுசர் குறைவாக வந்ததா, இரவில் கசிந்ததா என்று இந்த ஒரு அளவை வைத்துச் சொல்ல முடியாது. இன்று ஐந்தாவதை இறக்க விடாதீர்கள். கோட்டில் சோக்கால் அடையாளம் போட்டு, காலையில் பாருங்கள். இந்த வெயிலுக்கும் கச்சான் காற்றுக்கும் சில மில்லிமீற்றர் ஆவியாகும், கோடு சில சென்ரிமீற்றர் பின்வாங்கும். 20 சென்ரிமீற்றர் பின்வாங்கினால் கசிவுதான்.

வவுனியா மேசன்
ஐயா, நான் சரிவை யோசிக்கவில்லை. புதுப் பூச்சும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், அதையும் பாருங்கள்.

மாங்குளத்தான் (மறுநாள்)
கோடு 4 சென்ரிமீற்றர் பின்வாங்கியிருக்கிறது. ஆழத்தில் 4 மில்லிமீற்றர். கசிவு இல்லை என்று நினைக்கிறேன். நான்காவது பவுசரை யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. அடுத்தது வந்ததும் மூடியைத் திறந்து பார்த்த பிறகே குழாயைப் போடச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவதோடு கோடு எங்கே நிற்க வேண்டும், ஐயா?

ஓய்வுபெற்ற ஓவசியர்
காலையில் இருந்தது 9.56 மீற்றர் என்றால் 10.75க்குக் கிட்ட வர வேண்டும். தண்ணீர் அடங்கியதும் உடனே அளந்து எழுதுங்கள்.