செப்சிஸுக்குத் தமிழில் என்ன சொல்வது?

கண்ணன்:
முதியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறோம். செப்சிஸ் என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். முதல் வரைவில் ‘சீழ்ப்பிடிப்பு’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா, “எங்க வீட்டில் யாருக்கும் புண்ணே இல்லையே” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மீனாட்சி:
அந்த அம்மா சொன்னதுதான் சரி. நான் இருபது வருடமாகச் செவிலியர். ஒரு கதை சொல்கிறேன். சர்க்கரை நோயுள்ள 68 வயது அம்மா. மூன்று நாளாக நீர்க்கடுப்பு, காய்ச்சல், பாரசிட்டமால் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மதியம் அந்த அம்மா, மகனை “அண்ணா” என்று கூப்பிட்டு, என்றோ விற்றுவிட்ட மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று கருவியில் பார்த்தால் 190. வயசாகிவிட்டது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாலையில் எங்களிடம் வந்தபோது மூச்சு நிமிடத்துக்கு 28, இரத்த அழுத்தம் 84/50, உடல் வெப்பம் 35.8 செல்சியஸ். முந்தைய இரவுக்குப் பிறகு சிறுநீரே கழிக்கவில்லை. செப்சிஸ்தான், ஆனால் உடலில் எங்கும் ஒரு பொட்டுச் சீழ் கிடையாது.

இராமலிங்கம்:
இதில் குழப்பமே வேண்டாம். கிருமி இரத்தத்தில் பெருகி அதை நஞ்சாக்குகிறது. கிரேக்க மூலத்துக்கும் அழுகல் என்றுதான் பொருள். ‘குருதி நச்சாதல்’ என்று வையுங்கள், தீர்ந்தது.

மரு. இளங்கோ:
ஐயா, வேர்ச்சொல்லைச் சரியாகச் சொன்னீர்கள். நோயைப் பாதிதான் சொன்னீர்கள். செப்சிஸ் வந்த பலருக்கு இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமியும் வளர்வதில்லை. தொற்று நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ இருக்கும். அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிதானம் இழந்து தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்கிறது. 2016இல் வரையறையைத் திருத்தியபோது இதைத்தான் நடுவில் வைத்தார்கள். இரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகமும் மூளையும் பட்டினி கிடக்கின்றன.

மூளை குழம்புவது வெளியில் சட்டென்று தெரியும். சிறுநீரகம் கெடுவது அப்படித் தெரியாது. அந்த அம்மாவின் மாட்டுப் பேச்சுதான் முதல் அபாயமணி. குளிர்ந்த உடம்பும் நல்ல சேதி அல்ல. முதியவர்களுக்குச் செப்சிஸில் வெப்பம் 36க்குக் கீழே இறங்குவதும் உண்டு.

சுப்பு:
போன மாதம் எனக்குக் காலில் ஆணி குத்தி செப்டிக் ஆனது. மருந்து வைத்துக் கட்டினேன், ஐந்து நாளில் ஆறிவிட்டது. இதற்கு ஐசியூவா? பயமுறுத்தாதீர்கள்.

மீனாட்சி:
சுப்பு அண்ணா, நம் ஊரில் ‘செப்டிக் ஆயிடுச்சு’ என்றால் புண் பழுத்துவிட்டது என்று பொருள். மருத்துவர் ‘செப்சிஸ்’ என்று சொன்னாலும் வீட்டார் காதில் அதுதான் விழுகிறது. அப்புறம் “புண் எங்கே?” என்று தேடுவார்கள். அதனால் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டாலும் சிக்கல் போகாது.

தெய்வானை:
பாட்டிமார் காலத்துச் சொல் இருக்கிறதே, ஜன்னி! காய்ச்சலில் பிதற்றினால் ‘ஜன்னி கண்டுவிட்டது’ என்போம். பிரசவத்துக்குப் பின் வரும் கொடுங்காய்ச்சலுக்கும் பிரசவ ஜன்னி என்றுதான் பெயர்.

மரு. இளங்கோ:
எனக்குப் பிடித்த சொல். பிரசவ ஜன்னியில் பெரும்பகுதி செப்சிஸ்தான். ஆனால் குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் ஜன்னி என்கிறோம். இன்னொன்று, ஜன்னி என்றதும் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டுக் காத்திருக்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. அறிகுறிக்கு வேண்டுமானால் ஜன்னி இருக்கட்டும்; நோய்க்கு ‘தொற்றுச்சீற்றம்’ என்று வைத்துப் பார்க்கலாமா?

இராமலிங்கம்:
சீறுவது தொற்றா, உடம்பா? உங்கள் விளக்கப்படி உடம்புதானே. சொல் தலைகீழாக இருக்கிறது.

மரு. இளங்கோ:
மாட்டிக்கொண்டேன். ‘தொற்றால் நேரும் உடற்சீற்றம்’ என்றால் சரியாக இருக்கும். ஆனால் யார் வாயில் நுழையும்?

கண்ணன்:
காய்ச்சலோடு பிதற்றல் வந்தால் அது மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாமே? வீட்டார் எப்படிப் பிரித்தறிவது?

மரு. இளங்கோ:
பிரிக்கவே வேண்டாம். மூளைக்காய்ச்சல், மூளையைத் தாக்கும் மலேரியா, வெயில் தாக்கு எதுவானாலும் அதே அவசரம்தான். செப்சிஸில் அழுத்தம் விழுந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றப் பார்ப்போம். அதை வீட்டில் செய்ய வழியில்லை. காய்ச்சல் மாத்திரை வெப்பத்தை இறக்கும், அழுத்தத்தை ஏற்றாது.

மீனாட்சி:
அந்த அம்மா பன்னிரண்டு நாள் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார். “எப்போதிருந்து பேச்சு மாறியது?” என்று கேட்டபோது மகன் உடனே சொன்னார், மதியம் ஒரு மணி. கவனித்திருக்கிறார், அதை நோயோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணன்:
சரி, தலைப்பில் இப்போதைக்கு செப்சிஸ் என்றே விடுகிறேன். அதன் கீழே இப்படி: ‘காய்ச்சல் வந்தவர், அது விட்டது போலத் தெரிந்தாலும், பேச்சு மாறினால், ஆளை மறந்தால், எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், மூச்சு வாங்கினால், காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவில்லையென்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள்.’ தொற்றுச்சீற்றத்தை அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று மற்றவர்களும் சொல்லுங்கள்.

இராமலிங்கம்:
அடைப்புக்குறிக்குள் என்றாலும் என் மறுப்பு மறுப்புதான்.